லேபிளில் 32 கிராம், பக்கத்திலேயே 13 சதவீதம்: ஊட்டச்சத்துப் பட்டியலைப் படிப்பது எப்படி?

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. பால், தானியம், மால்ட் கலந்த பானப் பொடிகளை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் வைத்து விற்கக்கூடாது என்பது அதன் சாரம். நம் உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்பதற்கு வரையறையே கிடையாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ அதே மாதத் தொடக்கத்தில் தெளிவுபடுத்தியிருந்தது. அன்றிலிருந்து டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இதில் சர்க்கரை அதிகமா, குறைவா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

ஒரே படத்துக்கு இரண்டு பதில்கள் வருகின்றன. ஒருவர், "100 கிராமுக்கு 32 கிராம் சர்க்கரை, மூன்றில் ஒரு பங்கு" என்கிறார். இன்னொருவர், "ஒரு நாள் அளவில் வெறும் 13 சதவீதம்தான்" என்கிறார். இருவரும் லேபிளில் உள்ளதைத்தான் படிக்கிறார்கள், இருவரும் சரியாகவே படிக்கிறார்கள். அந்த இரண்டு எண்களும் ஒரே வரியில் அச்சாகியிருந்தாலும் வெவ்வேறு அளவுப் பொடியைப் பற்றிப் பேசுகின்றன. குழப்பத்தின் வேர் அதுதான்.

## எடுத்துக்காட்டு லேபிள்

கீழே இருப்பது விளக்கத்துக்காக அமைத்த மாதிரிப் பட்டியல், எந்த நிறுவனத்தின் பொருளும் அல்ல. ஆனால் கடைகளில் கிடைக்கும் மால்ட் பானப் பொடிகளின் பட்டியல் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கும். டப்பா 500 கிராம். சர்விங், அதாவது ஒரு தடவைக்கு எடுக்கும் அளவு, 20 கிராம் என்று போட்டிருக்கிறது. பட்டியலில் வரும் ஆர்.டி.ஏ என்பது ஒரு நாளைக்கு உரிய அளவு.

| விவரம் | 100 கிராமுக்கு | ஒரு சர்விங்கில் ஆர்.டி.ஏ சதவீதம் |
|---|---|---|
| ஆற்றல் | 385 கிலோகலோரி | 4% |
| புரதம் | 7.0 கி | – |
| கார்போஹைட்ரேட் | 85 கி | – |
| அதில் மொத்தச் சர்க்கரை | 45 கி | – |
| அதில் சேர்த்த சர்க்கரை | 32 கி | 13% |
| மொத்தக் கொழுப்பு | 1.9 கி | 1% |
| நிறைவுற்ற கொழுப்பு | 1.0 கி | 1% |
| சோடியம் | 160 மி.கி | 2% |

சட்டப்படி டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால் ஆகியவற்றுக்கும் வரிகள் உண்டு. இங்கே வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

## முதலில் படம் சரியா என்று பாருங்கள்

கணக்குப் போடத் தொடங்கும் முன் எண்களைச் சரியாகப் படித்தோமா என்று தெரிய வேண்டும். டப்பா உருளையாக இருப்பதால் விளிம்பில் உள்ள எழுத்துகள் வளைந்து, ஒரு வரியின் எண் அடுத்த வரிக்கு உரியது போலத் தெரியும். பளபளப்பான உறையில் விளக்கு வெளிச்சம் பட்டால் முதலில் மறைவது புள்ளிதான். 1.9 என்பது 19 ஆகிவிடும். மங்கிய படத்தில் 3, 8 இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரு கிராம் புரதம் 4 கிலோகலோரி தரும், கார்போஹைட்ரேட்டும் 4, கொழுப்பு 9. பட்டியலில் உள்ள கிராம்களை இவற்றால் பெருக்கிக் கூட்டினால் முதல் வரியில் உள்ள ஆற்றல் அளவு ஏறக்குறைய வர வேண்டும். நம் லேபிளில் புரதம் 7 × 4 = 28, கார்போஹைட்ரேட் 85 × 4 = 340, கொழுப்பு 1.9 × 9 = 17. கூட்டினால் 385. பொருந்துகிறது.

இதே லேபிளில் புள்ளி மறைந்து கொழுப்பை 19 என்று படித்திருந்தால் 28 + 340 + 171 = 539 வந்திருக்கும். 385-க்கும் 539-க்கும் உள்ள தூரத்தைப் பார்த்ததுமே ஏதோ ஓர் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறோம் என்று புரிந்துவிடும். நார்ச்சத்து அதிகம் உள்ள பொருளில் கூட்டுத்தொகை கொஞ்சம் விலகும், ஏனென்றால் நார் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 2 கிலோகலோரிதான் தரும். பத்து இருபது விலகினால் கவலையில்லை. நூற்றுக்கணக்கில் விலகினால் படத்தைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

இன்னும் மூன்று சிறிய சோதனைகள்:

1. சேர்த்த சர்க்கரை மொத்தச் சர்க்கரைக்குள் அடங்க வேண்டும். மொத்தச் சர்க்கரை கார்போஹைட்ரேட்டுக்குள் அடங்க வேண்டும். 'அதில்' என்ற பொருளில் வரும் வரிகள் மேலே உள்ள எண்ணின் உள்பகுதிகள். அவற்றை மேலே உள்ளதோடு கூட்டக்கூடாது. 85 + 45 + 32 என்று கூட்டிவிட்டு "100 கிராமில் 162 கிராமா?" என்று கேட்பவர்கள் உண்டு.
2. 100 கிராம் பத்தியில் புரதம், கார்போஹைட்ரேட், கொழுப்பு மூன்றும் சேர்ந்து 100-ஐத் தாண்டக்கூடாது. நம் லேபிளில் 93.9 வருகிறது. மீதி ஈரப்பதமும் தாது உப்புகளும்.
3. பத்தியின் தலைப்பு படத்தில் இருக்க வேண்டும். '100 கிராமுக்கு', 'ஒரு சர்விங்குக்கு' என்ற தலைப்பு வெட்டுப்பட்ட படத்தில் எண்கள் இருந்தும் பயனில்லை.

ஒருவரிடம் லேபிள் படம் கேட்டால் மூன்று படங்கள் கேளுங்கள்: அடியில் நட்சத்திரக் குறியிட்ட பொடி எழுத்துகளோடு ஊட்டச்சத்துப் பட்டியல், சேர்மானப் பட்டியல், நிகர எடை உள்ள இடம். டப்பாவைச் சன்னல் பக்கம் திருப்பி, ஃபிளாஷை அணைத்துவிட்டு, வளைவுக்கு ஏற்ப இரண்டு துண்டாக எடுத்தால் போதும். முன்பக்கப் படத்தால் கணக்குக்கு எந்த உதவியும் இல்லை.

## ஒரே வரி, இரண்டு அடிப்படைகள்

2020-ஆம் ஆண்டின் லேபிளிங் விதிகளின்படி இந்தியாவில் கிராம் கணக்கை 100 கிராமுக்கோ, 100 மில்லிக்கோ, ஒரே தடவையில் தீர்க்கும் பாக்கெட்டாக இருந்தால் முழுப் பாக்கெட்டுக்கோ தர வேண்டும். சதவீதத்தை மட்டும் ஒரு சர்விங்குக்குக் கணக்கிட்டுத் தர வேண்டும். ஆகவே பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் உள்ள 32 கிராமும் 13 சதவீதமும் ஒன்றையொன்று விளக்குவதில்லை. முதலாவது 100 கிராம் பொடிக்கு, இரண்டாவது 20 கிராம் பொடிக்கு.

இனி அந்தச் சதவீதம் எதனுடைய சதவீதம் என்று பார்ப்போம். ஆர்.டி.ஏ என்று லேபிள் சொல்வது ஒரு சராசரிப் பெரியவரின் ஒரு நாள் அளவு. விதி அதற்கு நிலையான எண்களைக் கொடுத்திருக்கிறது: ஆற்றல் 2000 கிலோகலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம். இந்தச் சோடியம் ஏறக்குறைய 5 கிராம் உப்புக்குச் சமம்.

இப்போது 13 சதவீதத்தைப் பிரித்துப் பார்க்கலாம். 20 கிராம் பொடியில் சேர்த்த சர்க்கரை 32-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 6.4 கிராம். அதை 50-ஆல் வகுத்தால் 12.8 சதவீதம். அது முழுமையாக்கப்பட்டு 13 ஆகிறது.

சர்விங் அளவு படத்தில் வெட்டுப்பட்டிருந்தால் இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பிடிக்கலாம். 50-இல் 13 சதவீதம் 6.5 கிராம். 100 கிராமில் 32 இருக்கும்போது 6.5 எத்தனை கிராமில் இருக்கும்? 6.5 ÷ 32 × 100 = 20.3. ஆக, தயாரிப்பாளர் 20 கிராம் என்று வைத்திருக்கிறார். இதற்குச் சதவீதம் பெரிதாக உள்ள வரியைத்தான் எடுக்க வேண்டும். கொழுப்பின் 1 சதவீதத்தை வைத்துப் போட்டால் விடை 35 கிராம் என்று வரும், ஏனென்றால் அங்கே உண்மையான மதிப்பு 0.57. முழுமையாக்கும்போது அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

50 கிராம் என்ற எண் 2000 கிலோகலோரியில் 10 சதவீதத்திலிருந்து வருகிறது. பத்து சதவீதம் 200 கிலோகலோரி, ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 என்று வகுத்தால் 50. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த 10 சதவீதத்தைத்தான் மேல் எல்லையாகச் சொல்கிறது. 5 சதவீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஆக, லேபிளின் 100 சதவீதம் தாண்டக்கூடாத வேலி. அதுவரை சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற பொருள் அதற்கு இல்லை. இரும்புச்சத்து, வைட்டமின் வரிகளில் 100 சதவீதத்தை எட்டுவது நல்லது. சர்க்கரை, சோடியம் வரிகளில் எட்டாமல் இருப்பது நல்லது. ஒரே பத்தியில் இரண்டு எதிர்ப்பொருள்கள் இருப்பதை லேபிள் எங்கேயும் சொல்வதில்லை.

மொத்தச் சர்க்கரை வரியில் சதவீதம் இல்லாததையும் கவனியுங்கள். விதி அதற்கு ஒரு நாள் அளவு வைக்கவில்லை, அதனால் அந்த இடம் காலியாக இருக்கிறது. காலியாக இருப்பதால் அந்த 45 கிராம் கணக்கில் வராதது என்று ஆகிவிடாது.

## சர்விங் அளவு யாருடைய கை அளவு?

இந்தியாவில் சர்விங் அளவைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கிறார். அமெரிக்காவில் மக்கள் வழக்கமாக ஒரு தடவையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்ற ஆய்வை வைத்து அரசு பொருள்வாரியாக ஓர் அடிப்படை அளவு கொடுத்திருக்கிறது. இங்கே அப்படி ஒன்று இல்லாததால் ஒரே வகைப் பிஸ்கட்டுக்கு ஒரு நிறுவனம் இரண்டு என்றும் இன்னொன்று நான்கு என்றும் போடலாம். சதவீதங்களை வைத்து இரண்டு பொருள்களை ஒப்பிடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஒப்பிட 100 கிராம் பத்தி. நம் வீட்டில் எவ்வளவு உள்ளே போகிறது என்று அறிய, நாம் அள்ளும் அளவு. சதவீதப் பத்தி இந்த இரண்டுக்குமே நேராக உதவுவதில்லை.

நாம் அள்ளும் அளவை அறிய சமையல் தராசு இருந்தால் டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, வழக்கம்போல் இரண்டு ஸ்பூன் போட்டுப் பார்க்கலாம். குவித்து அள்ளும் இரண்டு பெரிய ஸ்பூன் 30 கிராமைத் தொட்டுவிடும்.

தராசு இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. டப்பா திறந்த தேதியை மூடியில் எழுதி வையுங்கள். தீர்ந்த அன்று எத்தனை டம்ளர் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். 500 கிராம் டப்பா, ஒரே குழந்தை, காலை ஒன்று மாலை ஒன்று, எட்டே நாளில் தீர்ந்துவிட்டது என்றால் 16 டம்ளர். 500 ÷ 16 = 31 கிராம். லேபிளின் கணக்குப்படி இதே டப்பா 25 டம்ளர் வந்திருக்க வேண்டும். ஒரு தடவை அள்ளுவது கூடக் குறைய இருந்தாலும் முழு டப்பாவில் அது சமனாகிவிடுவதால் இந்தக் கணக்கை நம்பலாம்.

இனி அந்தக் குழந்தையின் ஒரு நாளைப் பார்ப்போம். 30 கிராம் பொடியில் சேர்த்த சர்க்கரை 9.6 கிராம். பால் இனிக்கவில்லை என்று மேலே இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போடுகிறோம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 4 கிராம், இரண்டுக்கு 8. ஒரு டம்ளருக்கு 17.6 கிராம், இரண்டு டம்ளருக்கு 35.2 கிராம்.

லேபிளின் 50 கிராமோடு ஒப்பிட்டால் இது 70 சதவீதம். ஆனால் அந்த 50 கிராம் 2000 கிலோகலோரி சாப்பிடும் பெரியவருக்கு. ஐ.சி.எம்.ஆர்–தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையில் 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் ஆற்றல் தேவை 1360 கிலோகலோரி. அதில் 10 சதவீதம் 136, அதாவது 34 கிராம் சர்க்கரை. இரண்டு டம்ளரிலேயே அந்த எல்லை தாண்டிவிட்டது. பிஸ்கட், ஜாம், மிட்டாய் எதையும் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. 5 சதவீதம் என்ற கண்டிப்பான எல்லையை எடுத்தால் 17 கிராம், அதற்கு ஒரே டம்ளர் போதும். குழந்தையின் படம் போட்ட டப்பாவில் பெரியவரின் சதவீதம் அச்சாகியிருப்பது இந்த லேபிளின் ஆகப் பெரிய குறை என்பது என் கருத்து.

## சேர்த்த சர்க்கரைக்கு வெளியே நிற்கும் இனிப்பு

நம் லேபிளில் மொத்தச் சர்க்கரை 45, சேர்த்த சர்க்கரை 32. இடையிலுள்ள 13 கிராம் எங்கிருந்து வந்தது? இதற்குச் சேர்மானப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் பொருள்கள் எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் இருக்க வேண்டும் என்பது விதி. நம் மாதிரிப் பொடியின் பட்டியல் இது:

மால்ட் எக்ஸ்ட்ராக்ட், சர்க்கரை, பால் பொடி (12%), மால்டோடெக்ஸ்ட்ரின், லிக்விட் குளுக்கோஸ், கோகோ, தாது உப்புகள், வைட்டமின்கள், உப்பு.

கொழுப்பு நீக்கிய பால் பொடியில் ஏறக்குறைய பாதி லாக்டோஸ், பாலின் சொந்தச் சர்க்கரை. 12 கிராம் பால் பொடிக்கு 6 கிராம் போனது. மீதி 7 கிராம் மால்ட் எக்ஸ்ட்ராக்டிலிருந்து வந்திருக்கும். முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைக்கும்போது அதன் நொதிகள் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கின்றன. அந்தச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியதுதான் மால்ட் எக்ஸ்ட்ராக்ட். தனியே சர்க்கரை கொட்டவில்லை, தானியத்தின் இனிப்புதான் என்று இதைச் சேர்த்த சர்க்கரைக்கு வெளியே வைக்கும் லேபிள்களைப் பார்க்கலாம். ஆனால் மால்டோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் கைகோத்து நிற்பது, குடலில் சட்டென்று பிரிந்துவிடும். பாலின் லாக்டோஸை விட்டுவிடுங்கள், மால்ட்டின் சர்க்கரையைச் சேர்த்த சர்க்கரையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் நம் பொடியில் 32 அல்ல, 39.

அடுத்தது, சர்க்கரை வரிக்கே வராத இனிப்பு. கார்போஹைட்ரேட் 85-இல் சர்க்கரை 45 போக 40 கிராம் மிச்சம். அதில் மாவுச்சத்தும் மால்டோடெக்ஸ்ட்ரினும் இருக்கின்றன. லேபிளில் 'ஷுகர்ஸ்' என்றால் ஓரலகு, ஈரலகுச் சர்க்கரைகள் மட்டும்தான். மால்டோடெக்ஸ்ட்ரின் சோளம், மரவள்ளி, அரிசி மாவுச்சத்தைப் பாதியில் உடைத்து எடுத்தது. அதன் சங்கிலி இரண்டைவிட நீளம். அதனால் வேதியியல்படி அது சர்க்கரை ஆகாது. நாக்குக்கும் அவ்வளவாக இனிக்காது. ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றும் வேகத்தில் அது குளுக்கோஸுக்குப் பெரிதும் பின்தங்குவதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர் 'சேர்த்த சர்க்கரை' வரியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவது இங்கேதான். அவர் பார்க்க வேண்டியது கார்போஹைட்ரேட் வரி. 30 கிராம் பொடியில் அது 25.5 கிராம். மேலே போடும் சர்க்கரையும் பாலின் லாக்டோஸும் அதற்கு மேல்.

சேர்மானப் பட்டியலில் இன்னொரு வேலையும் நடக்கும். இனிப்பைப் பல பெயர்களில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். ஒரு தானிய பார் 100 கிராமில் ஓட்ஸ் 30 கிராம், சர்க்கரை 22, லிக்விட் குளுக்கோஸ் 9, இன்வர்ட் சிரப் 6 என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் ஓட்ஸ்தான் முதலில் நிற்கும். மூன்று இனிப்பையும் கூட்டினால் 37, ஓட்ஸைவிட அதிகம். விதி மீறப்படவில்லை, வரிசையும் சரி, ஆனால் படிப்பவர் மனதில் பதிவது ஓட்ஸ் பார் என்பதுதான்.

பட்டியலில் கண்ணில் பட்டால் சர்க்கரைக் கணக்கில் எழுத வேண்டிய பெயர்கள்: சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், லிக்விட் குளுக்கோஸ், கார்ன் சிரப், இன்வர்ட் சிரப், கோல்டன் சிரப், தேன், வெல்லம், பனை வெல்லம், பேரீச்சம்பழ சிரப், பழச்சாறு கான்சென்ட்ரேட். வெல்லத்தையும் தேனையும் இதில் சேர்ப்பது சிலருக்கு உறுத்தலாம். பொட்டலத்தில் 'வெள்ளைச் சர்க்கரை இல்லை, நாட்டு வெல்லம்' என்று போட்டிருப்பது சுவைக்கும் மனத்துக்கும் வேறுபாடு தரலாம், ஆனால் சர்க்கரைக் கணக்கில் ஏறக்குறைய எல்லாம் அதே இடத்தில்தான் நிற்கிறது. மறுபக்கம், கேரமல் நிறமி 150 என்ற எண்ணோடு வந்தால் அது நிறத்துக்காகச் சேர்த்தது. அந்தச் சிறிய அளவால் சர்க்கரைக் கணக்கு மாறாது.

முன்பக்க வாசகங்களுக்கும் எல்லைகள் உண்டு. 2018-ஆம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் விதிகளின்படி 'ஷுகர் ஃப்ரீ' என்றால் 100 கிராமிலோ 100 மில்லியிலோ சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டக்கூடாது. 'லோ ஷுகர்' என்றால் திடப்பொருளில் 5 கிராம், பானத்தில் 2.5 கிராம். 'நோ ஆடட் ஷுகர்' என்பதற்கு எண் கிடையாது. சர்க்கரையோ, சர்க்கரைக்குப் பதிலாக வேலை செய்யும் கெட்டிப் பழச்சாறு போன்றதோ சேர்க்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. ஆகவே சேர்த்த சர்க்கரை பூஜ்யமாகவும் மொத்தச் சர்க்கரை 10 கிராமாகவும் உள்ள சாறு இந்த வாசகத்தோடு நியாயமாகவே விற்கப்படலாம். 2024 ஜூனில் 'நூறு சதவீதப் பழச்சாறு' என்ற வாசகத்தை நீக்கும்படி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உத்தரவிட்டது, கெட்டிச்சாற்றில் தண்ணீர் கலந்து செய்தவற்றுக்கும் அது பயன்பட்டு வந்ததால்.

ஐந்து ரூபாய் சாஷேயில் இந்தப் பட்டியலே இல்லையே என்று கேட்டால், 100 சதுர செ.மீ.க்கு மேற்படாத உறைகளுக்கு ஊட்டச்சத்துப் பட்டியலிலிருந்து விலக்கு உண்டு. அதே பொருளின் பெரிய பாக்கெட்டையோ, சாஷேக்கள் வரும் சரத்தின் வெளியுறையையோதான் பார்க்க வேண்டும்.

## 'பாலுடன்' என்ற மூன்றாவது பத்தி

சில டப்பாக்களில் '200 மில்லி பாலுடன் ஒரு சர்விங்' என்று இன்னொரு பத்தி இருக்கும். அதில் புரதம் 7 கிராமுக்கு மேல் என்று பார்த்ததும் பொடி புரதம் நிறைந்தது போலத் தோன்றும். பிரித்துப் பாருங்கள்: 20 கிராம் பொடியில் புரதம் 1.4 கிராம். மற்ற 6 கிராம் அளவு பாலுடையது, பொடி போடாமல் குடித்தாலும் கிடைக்கக்கூடியது. கால்சியத்திலும் பாலின் பங்கு இப்படித்தான் கலந்து நிற்கும். படத்தில் இந்தப் பத்தி மட்டும் விழுந்திருந்தால் பொடியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

## வெளிநாட்டு லேபிளின் சதவீதம்

சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் கொண்டுவரும் பொட்டலங்களில் இந்த எண்களெல்லாம் மாறிவிடும். அமெரிக்க லேபிளில் எல்லாமே ஒரு சர்விங்குக்குத்தான், 100 கிராம் பத்தி பெரும்பாலும் இருக்காது. சேர்த்த சர்க்கரைக்கு அங்கேயும் 50 கிராம்தான், ஆனால் சோடியத்துக்கு 2300 மில்லிகிராம், மொத்தக் கொழுப்புக்கு 78 கிராம். அதனால் அதே கொழுப்பு அங்கே சற்றுக் குறைந்த சதவீதமாகத் தெரியும்.

பிரிட்டன், ஐரோப்பிய லேபிள்களில் வேறுபாடு இன்னும் பெரிது. அங்கே சேர்த்த சர்க்கரைக்குத் தனி வரியே கட்டாயமில்லை. மொத்தச் சர்க்கரைக்கு 90 கிராம் என்று ஓர் ஒப்பீட்டளவு வைத்திருக்கிறார்கள். 27 கிராம் சர்க்கரை உள்ள ஒரு பாட்டில் குளிர்பானம் அங்கே 30 சதவீதம் என்று காட்டும். முழுவதும் சேர்த்த சர்க்கரை என்பதால் இந்திய, அமெரிக்கக் கணக்கில் அதே பாட்டில் 54 சதவீதம். ஆற்றலைக் கிலோஜூலிலும் போடுவார்கள், 4.184-ஆல் வகுத்தால் கிலோகலோரி. சோடியத்துக்குப் பதில் உப்பு என்று இருக்கும், 2.5-ஆல் வகுத்தால் சோடியம்.

சிங்கப்பூர் 2022 டிசம்பர் முதல் பானங்களுக்கு ஏ முதல் டி வரை எழுத்துத் தரம் போடுகிறது. 100 மில்லியில் சர்க்கரை 10 கிராமைத் தாண்டினால் டி. அந்த எழுத்து 100 மில்லிக்கு உரியது, பாட்டிலுக்கு அல்ல. பி தரப் பானத்தில் 100 மில்லிக்கு 5 கிராம் வரை இருக்கலாம், 500 மில்லி பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தால் 25 கிராம். எந்த நாட்டு லேபிளாக இருந்தாலும் சதவீதத்தையும் எழுத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உள்ளே போகும் கிராமைக் கண்டுபிடித்துப் பெரியவருக்கு 50-ஆலும், சிறு குழந்தைக்கு 34-ஆலும் வகுத்துப் பார்க்கலாம்.